‘பூச்சி கடிச்சிருச்சு’: அவசர அழைப்பின் ரெக்கார்டிங்கைக் கேட்டு ஷிப்ட் பதிவேடு எழுதுவது எப்படி?

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அழைப்பை எடுப்பவர் பேசிக்கொண்டே கணினியில் தட்டிவிடுவார். அப்படி எல்லாம் ஒழுங்காகப் பதிவாகிவிட்டால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. ஆனால் கணினி பத்து நிமிடம் படுத்துவிடும், ஒரே நேரத்தில் நாலு அழைப்பு வந்து பாதிதான் தட்டியிருப்பார்கள், வண்டிக்காரர்கள் ‘வந்துட்டோம்’ பொத்தானை அழுத்த மறந்திருப்பார்கள். அப்போது ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, யார் எங்கிருந்து கூப்பிட்டார், என்ன நடந்ததாகச் சொன்னார், எந்த வண்டி போனது, எந்தெந்த நேரத்தில் என்ன ஆனது என்பதை ஷிப்ட் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். புதிதாக வருபவர்களிடம் பெரும்பாலும் இந்த வேலைதான் முதலில் வந்து விழும்.

பார்க்கத் தட்டச்சு வேலை மாதிரி இருக்கும். ஆனால் கேட்டதை எழுதுகிறோமா, கேட்டதிலிருந்து நாம் புரிந்துகொண்டதை எழுதுகிறோமா என்பதில்தான் பதிவேடு நிற்பதும் விழுவதும். ஒரே ஒரு அழைப்பை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை செய்து காட்டுகிறேன். இது நிஜ அழைப்பு இல்லை. 108-க்கு வரும் அழைப்புகளின் சாயலில், புதியவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதற்காக நான் கட்டியது.

முதலில் கடிகாரம்

ஹெட்போனை மாட்டுவதற்கு முன் கோப்பின் பெயரைப் பாருங்கள். நம் உதாரணத்தில் இப்படி இருக்கிறது:

```
20240614_204112_L03.wav
```

தேதி, நேரம், லைன் எண். ஜூன் 14, இரவு 8:41 என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் அழைப்பைக் கேட்டால் பின்னணியில் ஊரே அடங்கிக் கிடக்கிறது, பேசுபவர் நைட் ஷிப்டில் இருப்பதாகச் சொல்கிறார். விஷயம் என்னவென்றால், பல ரெக்கார்டிங் பெட்டிகள் கோப்புக்கு உலக நேரத்தில், அதாவது யு.டி.சி.-யில் பெயர் வைக்கும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. கூட்டிப் பார்த்தால்:

```
14-06  20:41:12 + 05:30:00 = 15-06  02:11:12
```

மணி மட்டுமில்லை, தேதியும் மாறிவிட்டது. சுருக்கமாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: கோப்பின் பெயரில் நேரம் 18:30 அல்லது அதற்கு மேல் இருந்தால், நம் நாட்காட்டியில் அது அடுத்த நாள். உங்கள் அறையின் பெட்டி இந்திய நேரத்திலேயே பெயர் வைக்கலாம். எது என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஊகிக்க வேண்டாம்.

அடுத்து, பெட்டியின் கடிகாரமும் வண்டி அனுப்பும் கணினியின் கடிகாரமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். இரண்டிலும் பதிவாகியிருக்கும் ஒரே நிகழ்வு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அழைப்பை எடுத்த கணம் அதற்கு வசதி. அதே ஷிப்டில் கணினி நன்றாக வேலை செய்த மூன்று அழைப்புகளை ஒப்பிட்டேன் என்று வையுங்கள், மூன்றிலும் பெட்டி 38 விநாடி முன்னால் ஓடுகிறது. அப்படியானால் அன்றைய ரெக்கார்டிங் நேரம் எல்லாவற்றிலிருந்தும் 38 விநாடி கழிக்க வேண்டும். 02:11:12 என்பது 02:10:34 ஆகிறது. மூன்று அழைப்பிலும் வெவ்வேறு வித்தியாசம் வந்தால் கழிக்காதீர்கள். உங்கள் பெட்டி சில அழைப்புகளை மணி அடிக்கும்போதே பதிய ஆரம்பிக்கிறது, சிலவற்றை எடுத்த பிறகு பதிகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். மேற்பார்வையாளரிடம் போங்கள்.

பதிவேட்டின் தலையில் ஒரு வரி: “நேரம் எல்லாம் இந்திய நேரம், 24 மணிக் கணக்கு, கணினிக் கடிகாரப்படி; ரெக்கார்டர் 38 வி. முன்னால், கழித்து எழுதப்பட்டது.” இந்த வரி இல்லாத பதிவேட்டை ஆறு மாதம் கழித்து யாராவது தோண்டினால், எந்தக் கடிகாரம் என்று உங்களாலேயே சொல்ல முடியாது.

முதல் தடவை கையைக் கட்டிக்கொண்டு கேளுங்கள்

மூலக் கோப்பைத் தொடாதீர்கள், நகல் எடுத்து அதில் வேலை செய்யுங்கள். முதல் தடவை எதையும் எழுதாமல் முழுதாகக் கேளுங்கள். அழைப்பின் கடைசியில் சொல்வது முதலில் சொன்னதை மாற்றிவிடுவது சகஜம். நம் அழைப்பிலேயே அது நடக்கிறது.

பேச்சு புரியவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள், ஆனால் குரல் தடிக்காத வகையில். Audacity-யில் அதற்கு `Change Tempo`. அழைத்தவர் ஒரு பக்கமும் அழைப்பை எடுத்தவர் இன்னொரு பக்கமும் தனித்தனியாகப் பதிவாகியிருந்தால் ஒரு காதை அடைத்துக் கேட்கலாம். இருவரும் ஒன்றாகப் பேசும் இடம் அப்போது பிரிந்துவிடும். அப்படியும் விளங்கவில்லையா, “விளங்கவில்லை, 00:42” என்று எழுதிவிட்டு நகருங்கள். பத்தாவது தடவை கேட்கும்போது காது தனக்குப் பிடித்த வார்த்தையைத் தானே கேட்க ஆரம்பித்துவிடும்.

நம் அழைப்பின் முக்கியமான பகுதி இது. இடதுபுறம் இருப்பது ரெக்கார்டிங் ஓடிய நேரம்.

00:05 – “மேடம், எங்க அண்ணனைப் பூச்சி கடிச்சிருச்சு, சீக்கிரம் வண்டி அனுப்புங்க.”

00:11 – “எந்த ஊர்ங்க?” “புதுப்பட்டி மேடம்.” “எந்தப் புதுப்பட்டி? மாவட்டம் சொல்லுங்க.” “மதுரை. மேலூர் பக்கம்.”

00:31 – “நீங்க அவர் பக்கத்துல இருக்கீங்களா?” “இல்ல மேடம், நான் திருப்பூர்ல கம்பெனில இருக்கேன், நைட் ஷிப்ட். அண்ணிதான் எனக்குப் போன் போட்டாங்க.”

00:52 – “எப்பக் கடிச்சுச்சு?” “ஒன்றரை மணி இருக்கும்.”

01:04 – “நினைவு இருக்கா?” “இருக்கு. கண்ணு சொக்குது, வயித்தை வலிக்குதுங்கிறாராம்.” “மூச்சு நல்லா விடுறார்ல?” “ம்.”

01:48 – “மேலூர்ல இருந்து அழகர்கோயில் போற ரோட்டுல வந்தா இடது பக்கம் கண்மாய் வரும். கரை மேலயே போகணும். வீட்டுல இல்ல மேடம், தண்ணி பாய்ச்சப் போனவரு, மோட்டார் ரூம்புக்கிட்ட படுத்திருக்காரு.”

02:40 – அண்ணியின் போன் நம்பர் சொல்கிறார். 03:52-ல் அழைப்பு முடிகிறது.

இடம்: அழைத்தவர் ஓரிடம், ஆள் ஓரிடம்

பதிவேட்டில் ‘அழைத்தவர் இடம்’ என்று ஒரே கட்டம் இருக்கும். அதில் ‘புதுப்பட்டி, மேலூர்’ என்று போட்டால் தப்பு. அழைத்தவர் திருப்பூரில் இருக்கிறார். ‘திருப்பூர்’ என்று மட்டும் போட்டாலும் பிரயோஜனமில்லை, வண்டி போனது மேலூர் பக்கம். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளையோ தம்பியோ ஊருக்காகப் போன் போடுவது நம்மூரில் சர்வ சாதாரணம். செல்போன் கோபுரத்தை வைத்து வரும் இடமும் அப்போது கூப்பிட்டவரின் ஊரைத்தான் காட்டும். ஆகவே இரண்டையும் பிரித்து எழுதுங்கள்:

“அழைத்தவர்: திருப்பூர் (தம்பி, நேரில் இல்லை, அண்ணி சொல்லக் கேட்டுச் சொல்கிறார்). பாதிக்கப்பட்டவர்: மதுரை மாவட்டம், மேலூர் பக்கம் புதுப்பட்டி, ‘மேலூர்ல இருந்து அழகர்கோயில் போற ரோட்டுல இடது பக்கம் கண்மாய், கரை மேல போகணும், மோட்டார் ரூம்புக்கிட்ட’. வீட்டில் இல்லை.”

வழி சொன்ன வார்த்தைகளை மேற்கோளுக்குள் அப்படியே வைத்திருக்கிறேன். ‘இடது பக்கம்’ என்பது எந்தத் திசையிலிருந்து வரும்போது இடது என்பது அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது. “கண்மாய்க்கு அருகில்” என்று நாகரிகமாகச் சுருக்கினால் அது போய்விடும். புதுப்பட்டி, புதூர், காமராஜர் நகர், மேலத்தெரு மாதிரிப் பெயர்கள் மாவட்டத்துக்குப் பல இருப்பதால் மாவட்டமும், பக்கத்துப் பெரிய ஊரும், எந்தச் சாலை என்பதும் இல்லாமல் ஊர்ப் பெயரை மட்டும் எழுதாதீர்கள். அழைப்பில் அவர் மாவட்டத்தைச் சொல்லவே இல்லை, நீங்கள் வரைபடத்தில் பார்த்துக் கண்டுபிடித்தீர்கள் என்றால் “வரைபடப்படி” என்று பக்கத்தில் போடுங்கள்.

நெடுஞ்சாலை விபத்து என்றால் இன்னொரு விஷயம். “மஞ்சள் கல்லுகிட்ட நிக்கிறோம்” என்பார்கள். மஞ்சளும் வெள்ளையும் அடித்த மைல்கல் தேசிய நெடுஞ்சாலையுடையது, பச்சையும் வெள்ளையும் மாநில நெடுஞ்சாலையுடையது. கல்லின் நிறத்தைச் சொல்லியிருந்தால் அதையும் எழுதுங்கள், சாலை எது என்று சரிபார்க்க உதவும். நடுவில் தடுப்பு வைத்த நாலுவழிச் சாலையில் எந்த ஊருக்குப் போகும் பக்கம் என்பது கட்டாயம் வேண்டும். எதிர்ப்பக்கத்தில் வரும் வண்டி அடுத்த திருப்பம் வரை போய்த்தான் திரும்ப முடியும்.

நிலைமை: சொன்னவர் வாயில் வந்தது

இந்தக் கட்டத்தில்தான் புதியவர்கள் அதிகம் தடுக்குகிறார்கள். காரணம் ஆங்கிலமோ மருத்துவமோ இல்லை, நம் தமிழே.

‘பூச்சி கடிச்சிருச்சு.’ நகரத்தில் வளர்ந்தவர் இதைக் கேட்டால் பூரான், தேள், குளவி என்று நினைப்பார். கிராமத்தில் ராத்திரி நேரத்தில் பாம்பைப் பாம்பு என்று சொல்ல மாட்டார்கள், பூச்சி என்பார்கள். இந்த அழைப்பில் பூச்சி என்றது பாம்பாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ராத்திரி, வயல், கண் சொக்குகிறது, வயிற்று வலி. இதில் கட்டுவிரியனைக்கூட யோசிக்கத் தோன்றும், அது கடித்த இடத்தில் பெரிதாக வலிக்காமலே கண் இமை தொங்க ஆரம்பிக்கும், வயிறு வலிக்கும். ஆனால் பதிவேட்டில் ‘கட்டுவிரியன் கடி’ என்று எழுதினால், அதைப் படிப்பவர் யாரோ பாம்பைப் பார்த்து அடையாளம் சொன்னதாக நினைப்பார். யாரும் பார்க்கவில்லை. அதேபோல ‘பூச்சிக்கடி’ என்று இலக்கணமாக மாற்றினாலும் விஷயம் லேசாகிவிடும். சரியான வரி இது:

“‘பூச்சி கடிச்சிருச்சு’ (பேச்சு வழக்கில் பாம்பைக் குறிக்கலாம், அழைப்பில் எந்தப் பூச்சி என்று கேட்கப்படவில்லை). நினைவு உண்டு என்றார். ‘கண்ணு சொக்குது, வயித்தை வலிக்குதுங்கிறாராம்.’”

‘ங்கிறாராம்’ என்பதில் உள்ள ‘ஆம்’ முக்கியம், விடாதீர்கள். சொன்னவர் பார்க்கவில்லை, கேள்விப்பட்டதைச் சொல்கிறார் என்பதை அந்த ஒட்டுதான் காட்டுகிறது.

இதே மாதிரி வழுக்கும் வார்த்தைகள் இன்னும் உண்டு. ‘மருந்து குடிச்சிட்டா’ என்றால் விஷம் குடித்துவிட்டாள் என்று பொருள், பெரும்பாலும் வயலுக்கு அடிக்கும் மருந்து. நான் சேர்ந்த புதிதில் இதை ‘மருந்து உட்கொண்டுள்ளார்’ என்று எழுதிவிட்டேன். அடுத்த ஷிப்டில் படித்தவர் மாத்திரை அதிகம் போட்டுவிட்டார் போல என்று எடுத்துக்கொண்டார். வண்டியில் போனவர்கள் வீட்டாரிடம் நேராகக் கேட்டிருந்ததால் பாதகமில்லை. ஆனால் அன்று வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. பிள்ளைத்தாய்ச்சி வீட்டிலிருந்து ‘இடுப்பு வலி’ என்றால் அது முதுகுப் பிடிப்பு இல்லை, பிரசவ வலி. ‘ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு’ என்றால் பக்கவாதமாக இருக்கலாம்; ‘கை கால் இழுக்குது’ என்றால் வலிப்பாக இருக்கலாம். ‘மயக்கம்’ என்பதற்குள் தலைசுற்றல், சோர்வு, அடியோடு நினைவு தப்பியது மூன்றும் அடக்கம். இவை எல்லாவற்றுக்கும் ஒரே வழிதான்: சொன்ன சொல்லை மேற்கோளில் வையுங்கள், விளக்கம் வேண்டுமானால் அடைப்புக்குறிக்குள் ‘இருக்கலாம்’ என்று போடுங்கள், அழைப்பை எடுத்தவர் மேலே கேட்டுத் தெளிவாக்கியிருந்தால் அந்தப் பதிலையும் எழுதுங்கள்.

மூச்சு பற்றிய பதிலைத் தனியாகக் கவனியுங்கள். நம் அழைப்பில் “மூச்சு நல்லா விடுறார்ல?” என்று கேட்க, “ம்” என்கிறார். பதிலைக் கேள்வியே ஊட்டிவிட்டது. பதில் சொன்னவரோ திருப்பூரில், ஆளைப் பார்க்காமல் இருக்கிறார். ‘சுவாசம் சீராக உள்ளது’ என்று எழுதினால் அது பொய்யாகாவிட்டாலும் மெய்யில்லை. “மூச்சு: ‘நல்லா விடுறார்ல?’ என்ற கேள்விக்கு ‘ம்’” என்று எழுதுங்கள். வேறு அழைப்புகளில் ‘கொரட்டை விடுற மாதிரி இருக்கு’, ‘விட்டு விட்டு இழுக்குறாரு’ என்று வரும். இதயத் துடிப்பு நின்றுபோனவரிடமும் சில நிமிடம் அப்படி ஒரு சத்தம் வரும், அதைப் போய் ‘மூச்சு உண்டு’ என்று சுருக்கிவிடக் கூடாது.

அப்புறம் கடித்த நேரம். “ஒன்றரை மணி இருக்கும்.” கடிகாரத்தில் ஒன்றரை மணியா, ஒன்றரை மணி நேரம் ஆயிற்றா? அழைப்பு 02:10-க்கு. முதல் அர்த்தம் என்றால் கடித்து நாற்பது நிமிடம் ஆகிறது, இரண்டாவது என்றால் தொண்ணூறு. பாம்புக்கடியில் இது சின்ன வித்தியாசம் இல்லை. அழைப்பை எடுத்தவர் திருப்பிக் கேட்கவில்லை. நீங்களும் இதைத் தீர்க்க முடியாது. “கடித்த நேரம்: ‘ஒன்றரை மணி இருக்கும்’ (01:30-ஆ, ஒன்றரை மணி நேரம் முன்பா, தெளிவில்லை)” என்று வைத்துவிடுங்கள். நள்ளிரவு தாண்டிய அழைப்பில் ‘நேத்து’, ‘இன்னிக்கு ராத்திரி’ என்பதையும் தேதியாக மாற்றாமல் இதேபோல் விடுவதுதான் நல்லது.

வண்டியும் நேரமும்

தமிழ்நாட்டு 108 சேவை 2008-ல் தொடங்கியது. அங்கே வண்டி ஓட்டுபவர் பைலட், உள்ளே நோயாளியைப் பார்ப்பவர் இ.எம்.டி. வண்டியில் அடிப்படை உயிர்காப்பு வசதி மட்டும் உள்ளது பி.எல்.எஸ்., வென்டிலேட்டர் முதலியவை உள்ளது ஏ.எல்.எஸ். வண்டியை எழுதும்போது வகை, எண், எங்கிருந்து கிளம்பியது மூன்றும் வேண்டும். ‘பக்கத்து வண்டி’ என்று எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன். எதற்குப் பக்கம்?

வண்டி நேரங்கள் அழைத்தவரின் ரெக்கார்டிங்கில் இருக்காது. கட்டுப்பாட்டு அறையும் வண்டியும் பேசிக்கொண்டவை தனித்தனிக் கோப்பாக இருக்கும், அவற்றையும் எடுத்து ஒரே நிகழ்வு எண்ணுக்குக் கீழே கோர்க்க வேண்டும். நம் உதாரணத்தில் நான்கு கோப்புகள்.

முதலாவது வண்டியைக் கூப்பிட்டது, `204350`. இந்திய நேரம் 02:13:50, அதில் 38 விநாடி கழித்தால் 02:13:12. இதுதான் வண்டி ஒதுக்கிய நேரம். 41-வது விநாடியில் பைலட் “கிளம்பிட்டோம் மேடம்” என்கிறார், அதாவது 02:13:53. ஆனால் வண்டியின் ஜி.பி.எஸ். பார்த்தால் சக்கரம் நகர்ந்தது 02:15:20. பொய் சொன்னார் என்று நினைக்காதீர்கள், தமிழில் ‘கிளம்பிட்டேன்’ என்றால் செருப்பைத் தேடுகிறேன் என்று அர்த்தம். இரண்டையும் எழுதுங்கள்: “கிளம்பியதாகச் சொன்னது 02:13:53, ஜி.பி.எஸ். நகர்வு 02:15:20.” ஒன்றை மட்டும் எடுத்துவைத்தால் எது எங்கிருந்து வந்தது என்று பின்னால் சண்டை வரும்.

இரண்டாவது கோப்பு `205805`. கணக்குப்படி 02:27:27, ஆறாவது விநாடியில்: “வந்துட்டோம், ரோட்டுல நிக்கிறோம், கண்மாய்க்கரையில வண்டி இறங்காது, நடந்து போறோம்.” அப்போது 02:27:33. மூன்றாவது `210631`, அதாவது 02:35:53, நாலாவது விநாடியில் இ.எம்.டி.: “ஆள்கிட்ட வந்தாச்சு.” அது 02:35:57.

இங்கே கவனம். இடத்துக்கு வந்த நேரமும் ஆளிடம் சேர்ந்த நேரமும் வேறு. அழைப்பை எடுத்ததிலிருந்து ரோட்டுக்கு வர 16 நிமிடம் 59 விநாடி. ஆளிடம் சேர 25 நிமிடம் 23 விநாடி. எட்டரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவான நேரம் இருட்டில் கரை மேல் நடந்ததில் போயிருக்கிறது. ஒரே கட்டம்தான் இருக்கிறது என்று முதல் நேரத்தைப் போட்டால் வண்டி சீக்கிரம் வந்தது போலவும் உள்ளே எதுவும் செய்யாமல் நின்றது போலவும் தெரியும். இரண்டாவதைப் போட்டால் பைலட் வழியில் தாமதித்தது போலத் தெரியும். இரண்டு பேருக்கும் அநியாயம். குறிப்புக் கட்டத்தில் பிரித்து எழுதுங்கள்.

நான்காவது கோப்பு மருத்துவமனையில் இறக்கியதைச் சொல்வது, 03:02:45. நடுவில் இடத்தைவிட்டுக் கிளம்பியதை யாரும் போனில் சொல்லவில்லை, ஜி.பி.எஸ். 02:51:10-க்கு நகர்ந்ததாகக் காட்டுகிறது. அதை ‘ஜி.பி.எஸ்.’ என்ற குறிப்போடு போடுங்கள். ஜி.பி.எஸ்.-உம் இல்லை என்றால் கட்டத்தில் “பதிவில்லை”. இருபது நிமிடம் ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டு நிரப்புகிற கை எல்லா அறையிலும் ஒன்று இருக்கும். அந்தக் கையை அடையாளம் காண்பது சுலபம், அது போட்ட நேரங்கள் எல்லாம் 00-லும் 05-லும்தான் முடியும்.

எல்லாம் சேர்ந்து பதிவேட்டில் வண்டிப் பகுதி இப்படி வரும்:

அழைப்பு எடுத்தது 02:10:34 / முடிந்தது 02:14:26
வண்டி ஒதுக்கியது 02:13:12 (பி.எல்.எஸ்., எண் ____, மேலூர் நிலை)
கிளம்பியதாகச் சொன்னது 02:13:53 / ஜி.பி.எஸ். 02:15:20
சாலையில் வந்தது 02:27:33 / ஆளிடம் சேர்ந்தது 02:35:57 (கண்மாய்க்கரையில் நடை)
இடம் விட்டது 02:51:10 (ஜி.பி.எஸ்.)
மருத்துவமனை 03:02:45

அழைப்பு முடிவதற்கு முன்பே வண்டி ஒதுக்கப்பட்டிருப்பதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். இடம் தெளிவானதும் பக்கத்து மேசையில் வண்டியைக் கூப்பிட்டுவிடுவார்கள், இங்கே பேச்சு தொடரும். ஆனால் இடம் சொல்லி முடிக்கும் முன்பே வண்டி ‘சேர்ந்துவிட்டது’ என்று வந்தால் ஏதோ ஒரு கோப்பின் நேரத்தை மாற்றியதில் பிழை இருக்கிறது. நேரங்களை மேலிருந்து கீழாக ஒருமுறை விரலை வைத்துப் படித்தால் இது பிடிபடும்.

ஒரே நிகழ்வு, பல அழைப்பு

இந்த நிகழ்வுக்கே 02:19-க்கு இன்னொரு அழைப்பு வந்திருக்கிறது, அண்ணியிடமிருந்து, “வண்டி எங்க வருது?” என்று. புதிய நிகழ்வாகப் போட்டுவிட்டால் இரண்டு பாம்புக்கடி, ஒரு வண்டி என்று கணக்கு நிற்கும். நிகழ்வு எண் ஒன்று, அழைப்பு வரிசை இரண்டு. சாலை விபத்தில் பத்துப் பேர் கூப்பிடுவார்கள், அப்போதும் இப்படித்தான். ஆனால் அந்தப் பத்தில் ஒருவர் “ரெண்டு பேர் அடிபட்டிருக்காங்க” என்றும் இன்னொருவர் “நாலு பேர்” என்றும் சொன்னால் கூட்டிக் கழிக்காமல் இரண்டையும் அவரவர் அழைப்புக்கு நேராக எழுதுங்கள்.

பாதியில் அறுந்த அழைப்பில் “அறுந்தது” என்றும், திருப்பிக் கூப்பிட்டார்களா, எடுத்தார்களா என்றும் எழுதினால் போதும்.

தவறாக எழுதிவிட்டால் அழித்து எழுதாதீர்கள். ஒரு கோடு, பக்கத்தில் சரியானது, உங்கள் சுருக்கொப்பம், திருத்திய நேரம். கணினிப் பதிவேட்டில் பழைய வரி தெரியும்படி புதிய வரி சேர்க்க வேண்டும். நோயாளியின் பெயரும் போன் எண்ணும் அவற்றுக்குரிய கட்டத்தைத் தவிர வேறெங்கும் வர வேண்டாம், குறிப்பில் ‘அண்ணி’, ‘தம்பி’ போதும். ரெக்கார்டிங்கை ஸ்பீக்கரில் ஓடவிடுவதும் போனில் பிடித்து அனுப்புவதும் வேலையையே பறித்துவிடும் விஷயங்கள்.

காலை எட்டு மணிக்கு ஷிப்ட் மாறும்போது நம் பதிவில் ஒரு கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது, அந்த ‘ஒன்றரை மணி’. வண்டி திரும்பியதும் இ.எம்.டி. எழுதிய நோயாளிப் பதிவைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், மனைவி சொன்னதாக “கடித்தது இரவு 12:45 வாக்கில்” என்று இருக்கிறது. தம்பி சொன்னது ஒன்றரை மணி நேரம் முன்பு என்ற அர்த்தத்தில்தான் போலிருக்கிறது. பழைய வரியில் கை வைக்காமல் கீழே சேர்க்கிறேன்: “07:40 – இ.எம்.டி. பதிவின்படி கடித்த நேரம் சுமார் 00:45 (மனைவி கூற்று). அழைப்பில் சொன்னது மேலே உள்ளபடி.” ஒப்பம்.